வளைகுடாவிலிருந்து திரும்பி தக்கலையில் ஒரு காகிதப் பை யூனிட்: முன்பணம் அனுப்புவது முதல் முதல் பை விழும் வரை

இந்தப் பதிவு ஒரே ஒரு யூனிட்டைப் பற்றியது. தக்கலைக்குப் பக்கத்து ஊராட்சியில் 900 சதுர அடி ஷெட். உரிமையாளர் தம்மாமில் பேக்கிங் லைனில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். செய்யப்போகும் பொருள், பேக்கரிகளுக்குப் போகும் கைப்பிடி இல்லாத பழுப்புக் காகிதப் பை. இயந்திரம் சீனாவின் ரூயியான் ஊரிலிருந்து நிங்போ துறைமுகம் வழியாகத் தூத்துக்குடிக்கு வர வேண்டும். விலை, கப்பல் கூலி, டாலர் மதிப்பு எல்லாம் கணக்குப் போட எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் கொட்டேஷன் வந்ததும் அதே வரிசையில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான். இயந்திரத்தை முதலில் பேசி முடித்து முன்பணம் அனுப்பிவிட்டு, அது கப்பலில் வரும்போது அனுமதிகளுக்கு ஓடுவார்கள். கப்பல் மூன்று வாரத்தில் வந்துவிடும். ஈபி காரர் வர மூன்று மாதம் ஆகலாம்.

எத்தனை பை, எத்தனை கிலோ

இயந்திரத்தின் அளவை விலைப்பட்டியல் தீர்மானிக்கக் கூடாது, சந்தைதான் தீர்மானிக்க வேண்டும். ஒரு பையை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். அகலம் 20 செ.மீ., பக்க மடிப்பு 6 செ.மீ., உயரம் 28 செ.மீ. சுற்றளவு 52 செ.மீ., ஒட்டும் மேல்மடிப்புக்கு 1.5 செ.மீ. சேர்த்தால் ரோல் அகலம் 53.5 செ.மீ. வெட்டும் நீளம், அடி மடிப்புக்கான 2 செ.மீ.யோடு 30 செ.மீ. சதுர மீட்டருக்கு 70 கிராம், அதாவது 70 ஜிஎஸ்எம் தாளில் ஒரு பையின் எடை 11.2 கிராம். ஒரு கிலோ தாளில் 89 பை, கழிவு போக 86 என்று வைத்துக்கொள்ளலாம்.

நிமிடத்துக்கு 300 பை என்று விற்பவர் சொல்வார். அது அவர் ஊர் புதுக்கூழ் தாளில், ஒரே அளவை நிறுத்தாமல் ஓட்டும்போது வரும் வேகம். நம்மூர் மறுசுழற்சித் தாளில் 150 ஓடினாலே நல்ல ஓட்டம். ஒரு ஷிப்டில் உண்மையாக ஓடுவது 6 மணி நேரம் என்றால் 54,000 பை, தாள் சுமார் 607 கிலோ. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பேக்கரிகள் எல்லாம் சேர்ந்து நம்மிடம் தினமும் 54,000 பை வாங்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். வாங்காது என்றால் இன்னும் வேகமான இயந்திரத்துக்குக் கூடுதலாக 5,000 டாலர் கொடுப்பதில் பொருளில்லை. அந்தப் பணத்தில் தாளைப் பையாக மடிக்கும் வடிவத் தகடுகளை மூன்று அளவில் வாங்குங்கள். ஒவ்வொரு பை அகலத்துக்கும் தனித் தகடு வேண்டும், மாற்ற 2 முதல் 4 மணி நேரம் ஆகும். சின்னச் சந்தையில் அளவு வகைதான் விற்கும். வாரம் இரண்டு மூன்று நாள் இயந்திரம் ஓடினால் போதும் என்று திட்டமிடுவது வெட்கமில்லை.

இன்னொன்று. கடைக்காரர் “உள்ளே பிளாஸ்டிக் பூசிய பை கொடுங்க, எண்ணெய் கசியாது” என்பார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சூடான நேந்திரன் சிப்ஸை மறுசுழற்சித் தாளில் நேரடியாகப் போடுவதும் சரியில்லை. ரொட்டி, பன் போன்ற காய்ந்த பொருள்களில் தொடங்குங்கள். உணவு தொடும் பைக்குப் புதுக்கூழ் தாள் தனியாக எடுங்கள். அச்சிட்டால் மை IS 15495 தரத்துக்கு உட்பட்டதா என்று சப்ளையரிடம் எழுதி வாங்குங்கள்.

ஆதார் எண்ணில் இருக்கும் பழைய சிம்

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பாதிப் பேருக்கு வேலை இங்கேதான் நிற்கிறது. பத்து வருடம் வெளிநாட்டில் இருந்தவரின் ஆதாரில் உள்ள கைபேசி எண் எப்போதோ ரத்தாகி வேறு யாருக்கோ போயிருக்கும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, ஜிஎஸ்டி, ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண் மூன்றும் ஆதார் ஓடிபி கேட்கும். எனவே ஊருக்கு வந்த முதல் வாரம் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றி, பான் அட்டையோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் நிலை வெளிநாடு வாழ்பவர் என்று இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

வங்கியிலும் ஒரு வேலை இருக்கிறது. நிரந்தரமாகத் திரும்பியதும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சேமிப்பை டாலராகவே வைத்திருக்க ஆசைப்பட்டால் ஆர்எஃப்சி கணக்கு கேளுங்கள்.

அதற்குப் பிறகு தனி உரிமையாளர் நிறுவனமாகத் தொடங்குவது எளிது. உத்யம் பதிவு udyamregistration.gov.in தளத்தில் இலவசம். பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய உண்டு, முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழில் என்றால் இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள், விற்றுமுதல் 10 கோடிக்குள். ஜிஎஸ்டிக்கு ஷெட் அப்பா பேரில் இருந்தால் அவர் சம்மதக் கடிதமும் ஈபி பில்லும் அல்லது வீட்டு வரி ரசீதும் போதும். “40 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாமே” என்று ஊரில் சொல்வார்கள். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக் கடைக்கு ஒரு கட்டு பை விற்றாலும் அது வெளிமாநில விற்பனை. அதற்குப் பதிவு கட்டாயம், அந்த வரம்பு பொருந்தாது. இறக்குமதியில் கட்டும் வரியை வரவு எடுக்கவும் ஜிஎஸ்டி எண் வேண்டும்.

ஐஇசி, வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டியின் தளத்தில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும். பான் எண்ணேதான் ஐஇசி எண். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரம் உறுதிசெய்ய வேண்டும், மாற்றம் ஒன்றும் இல்லையென்றாலும். விட்டுவிட்டால் எண் முடங்கும். அது தெரிய வருவது பெரும்பாலும் சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான்.

இடம், மின்சாரம், மாசு

குமரியில் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெல்வயலை நிரப்பி ஷெட் போட்ட இடங்கள் இங்கே ஏராளம். பட்டாவில் நன்செய் என்று இருந்தால் அதற்குத் திட்ட அனுமதி வாங்குவது தனிப் பாடு. வாடகைக்கு எடுப்பதானாலும் eservices.tn.gov.in தளத்தில் பட்டாவை எடுத்து வகையைப் பாருங்கள். மாவட்டத்தின் மலையோர ஊர்கள் சில மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. அங்கே கட்டிடம் கட்டக் குழுமத்தின் அனுமதியும் வேண்டியிருக்கும். கடற்கரை ஓரமானால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறுக்கே வரும். இது எதுவும் வேண்டாம் என்றால் கோணம் தொழிற்பேட்டையில் ஷெட் காலி இருக்கிறதா என்று விசாரிப்பது தவறில்லை.

ஊராட்சியில் இயந்திரம் நிறுவ அனுமதி வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கூழ் தயாரிக்காமல், கொதிகலன் இல்லாமல் காகிதப் பொருள் செய்வது பச்சை வகைக்குள் வந்த தொழில். அமைக்க ஒன்று, இயக்க ஒன்று என இரண்டு இசைவு. வகைப் பட்டியல்கள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் வாரியத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் வேலை பார்க்கும் யூனிட்டுக்குத் தொழிற்சாலைச் சட்ட உரிமம் வராது.

நாள் பிடிப்பது மின்சாரம். குறுந்தொழிலுக்கான III-A(1) கட்டணத்தில் இணைப்பு மின்சுமை 12 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் III-B. இயந்திரம் 9, கம்ப்ரசர் 2.2, விளக்கும் விசிறியும் 0.5 என்றால் 11.7. அப்படியே உள்ளே நிற்கிறது. கொட்டேஷனில் “மொத்த மின்சக்தி 11” என்று போட்டு வந்தால், அதில் எந்த மோட்டார் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். பல நேரம் நமக்கு வேண்டாத அச்சு யூனிட்டும் அதில் சேர்ந்திருக்கும்.

விண்ணப்பம் போடும் முன் மாலை 6 முதல் 10 மணி வரை, இரண்டு மூன்று நாள், பக்கத்து மூன்று பேஸ் இணைப்பில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பாருங்கள். 370க்குக் கீழே இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் நிரம்பி வழிகிறது என்று பொருள். புதிய டிரான்ஸ்ஃபார்மருக்கு எஸ்டிமேட் போட்டால் மாதங்கள் ஓடும். இதை இயந்திரம் வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட மோசமான ஒன்று இல்லை.

கடனும் மானியமும்: எது முதலில்

தமிழ்நாட்டு நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், உச்சம் 75 லட்சம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, கல்வி குறைந்தது பிளஸ் டூ. விண்ணப்பம் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையம் வழியாக. பலர் சறுக்குவது வரிசையில்: கடன் அனுமதி வருவதற்கு முன்பே இயந்திரத்தை வாங்கியிருந்தாலோ உற்பத்தி தொடங்கியிருந்தாலோ அது புதிய யூனிட்டாகக் கொள்ளப்படாமல் போகும். பழைய இயந்திரத்துக்கும் மானியம் இல்லை. திட்ட அறிக்கையில் சீனத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றும் வரையான எஃப்ஓபி விலையை மட்டும் எழுதாமல், கீழே வருவது போல ஷெட்டில் வந்து இறங்கும் வரையான விலையை எழுதுங்கள். இல்லாவிட்டால் வரியும் கப்பல் கூலியும் உங்கள் கைக்காசு.

எல்லையை ஒட்டியிருப்பதால் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. கேரள அரசின் நோர்க்கா வழியாகக் கிடைக்கும் திரும்பியவர்களுக்கான கடன் கேரளத்துக்காரர்களுக்கானது. உறவினர் திருவனந்தபுரத்தில் வாங்கினார் என்று நாமும் அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

பணம் எந்த வழியில் போக வேண்டும்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கே உரிய சிக்கல் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கையில் ரியாலோ திர்ஹமோ இருக்கிறது. சீன சப்ளையருக்கு அங்கிருந்தே எக்ஸ்சேஞ்ச் மூலம் அனுப்பினால் மாற்றுக் கட்டணம் மிச்சம், வேலையும் சட்டென்று முடியும் என்று தோன்றும். அல்லது அங்கேயே இருக்கும் மச்சானை அனுப்பச் சொல்வார்கள்.

சரக்கு தூத்துக்குடியில் இறங்கியதும் உங்கள் ஐஇசியில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிக்கை சுங்கத்தில் பதிவாகும். அந்த விவரம் தானாகவே ரிசர்வ் வங்கியின் ஐடிபிஎம்எஸ் என்ற கணினி முறைக்குப் போய், “இந்த இறக்குமதிக்கு எந்த வங்கி வழியாகப் பணம் போனது” என்று காத்திருக்கும். பணம் உங்கள் இந்திய வங்கி வழியாகப் போயிருந்தால் வங்கி இரண்டையும் பொருத்தி மூடிவிடும். தம்மாமிலிருந்து போயிருந்தால் பொருத்த ஒன்றுமில்லை. பதிவு திறந்தே கிடக்கும். அடுத்த முறை உதிரிப்பாகம் வாங்க 300 டாலர் அனுப்பப் போனாலும் மேலாளர் “பழைய பாக்கியை முடிங்க” என்பார். மூன்றாம் ஆள் பணம் கட்டுவதற்கு விதியில் இடம் இருக்கிறது, ஆனால் கொள்முதல் ஆணையிலும் இன்வாய்ஸிலும் அந்த விவரம் எழுதியிருக்க வேண்டும், வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு விளக்கம் சொல்லித் தீர்க்கும் கதை அல்ல. மானியக் கடனுக்கும் வங்கி நேரடியாகச் சப்ளையருக்கு அனுப்பிய ஆதாரம் வேண்டும்.

எனவே சேமிப்பை ஊர்க் கணக்குக்குக் கொண்டுவந்து, நிறுவனத்தின் நடப்புக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். முன்பணம் 2 லட்சம் டாலர் வரை வங்கி உத்தரவாதம் கட்டாயமில்லை. 16,000 டாலர் விலையில் 30 சதவீதமான நம் 4,800 டாலர் சின்னத் தொகை. ஊர்க் கிளை பெரும்பாலும் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு அனுப்பித்தான் செய்யும், ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதே கிளையிடம், அந்நியச் செலாவணி வேலைக்கான வங்கியின் அடையாள எண்ணான ஏடி கோடு பற்றிய கடிதமும் கேளுங்கள். அதைச் சுங்கத்துறையின் ICEGATE தளத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு, INTUT1 என்ற குறியீட்டில், பதிவேற்ற வேண்டும். டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படும். இதுவும் முன்பணத்துக்கு முன் முடிய வேண்டிய வேலை.

சப்ளையரின் வங்கிக் கணக்கை வீடியோ அழைப்பில் வாயால் சொல்லச் சொல்லி ஒப்பிடுங்கள். மீதிப் பணம் கட்டும் நேரத்தில் “கணக்கு மாறிவிட்டது” என்று மெயில் வந்தால், அது அவருடைய மெயிலைத் திருடியவன் அனுப்பியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சப்ளையரின் புரோஃபார்மா இன்வாய்ஸில் எழுத வேண்டியவை

இயந்திரத்தின் சுங்கக் குறியீடு 84412000, காகிதப் பை செய்யும் இயந்திரம். சில இயந்திர வகைகளுக்கு இந்தியத் தரநிர்ணயச் சான்றைக் கட்டாயமாக்கி 2024 ஆகஸ்டில் ஓர் ஆணை வந்து, அமலாகும் தேதி ஒரு முறை தள்ளிப்போனது. நம் குறியீடு அப்போதைய பட்டியலில் இருக்கிறதா என்று கிளியரிங் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம். போனில் “அதெல்லாம் வராது சார்” என்பது எழுத்து ஆகாது.

மின்சாரம் பற்றிய வரி தனியாக வேண்டும். சீனாவில் மூன்று பேஸ் 380 வோல்ட், இங்கே 415. இன்வெர்ட்டர் டிரைவில் ஓடும் பிரதான மோட்டாருக்குப் பெரிய கவலை இல்லை. அடிபடுவது கட்டுப்பாட்டுப் பெட்டி. 380லிருந்து 220 ஆக இறக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் 415 கொடுத்தால் 240 வெளியே வரும். 220 வோல்ட் காயில் 240இல் இழுக்கும் சக்தி 19 சதவீதம் அதிகம். கான்டாக்டர் ஊமை ரீங்காரம் போடும், காற்று வால்வின் காயில் தொட்டால் கை சுடும், சில மாதத்தில் கருகும். “415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், கட்டுப்பாட்டு டிரான்ஸ்ஃபார்மரில் 415 இணைப்பு முனை உண்டு” என்று எழுதி வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது சோதனை ஓட்டம். நாம் வாங்கப்போகும் தாளை, சிவகாசியிலோ கோவைப் பக்கமோ எடுத்த 70 ஜிஎஸ்எம் ரோல் 20 கிலோவை, கூரியரில் சப்ளையருக்கு அனுப்புங்கள். செலவு உறுத்தும். ஆனால் மறுசுழற்சித் தாளின் நார் குட்டை. இழுவையில் சட்டென்று கிழியும். அவர் ஊர்த் தாளில் ஓடிய வீடியோ நமக்கு எதையும் சொல்லாது. நம் தாளில் 20 நிமிடம் நிறுத்தாமல், நிமிடத்துக்கு 150க்குக் குறையாமல் ஓடிக் காட்டிய பிறகே மீதி 70 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கத்தி இரண்டு செட், பெல்ட், குறி பார்க்கும் சென்சார் ஒன்று, பசைச் சக்கரம் ஒன்று, மூன்று அளவு வடிவத் தகடு எல்லாம் அதே இன்வாய்ஸில் வரட்டும். மரப்பெட்டியில், மரத்தைப் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதைக் காட்டும் ISPM 15 முத்திரை இருக்க வேண்டும். முத்திரையில்லாமல் வந்தால் தாவரத் தடுப்புக்காப்பில் நின்று புகைமூட்டும் செலவும் காத்திருப்பும் நம் தலையில். பெட்டியை ஆணியடித்த பிறகு முத்திரை தெரியும்படி நாலு பக்கமும் படம் கேளுங்கள்.

பழைய கம்பெனியில் ஓடிய இயந்திரத்தைச் சல்லிசாகத் தருகிறார்கள் என்று கொண்டுவருவது பற்றி: பட்டயப் பொறியாளர் சான்று வேண்டும், விலையைச் சுங்கம் தானே மறுமதிப்பிடும், மானியம் இல்லை. வீட்டுச் சாமான்களோடு சேர்த்து லக்கேஜாகவும் வராது; அந்தச் சலுகை வீட்டுப் பொருளுக்கு மட்டும்.

வரிக் கணக்கு

எஃப்ஓபி 16,000 டாலர், கப்பல் கூலி 900, காப்பீட்டுக்கு எஃப்ஓபியில் 1.125 சதவீதம், அதாவது 180. மூன்றும் சேர்ந்ததுதான் சிஐஎஃப். சுங்க மாற்று விகிதம் டாலருக்கு 90 என்று வைத்துக்கொள்வோம்.

```
சிஐஎஃப்        17,080 × 90           = 15,37,200
அடிப்படை வரி   7.5%                  =  1,15,290
சமூகநல வரி     அடிப்படை வரியில் 10%   =    11,529
ஐஜிஎஸ்டி       (மேலே மூன்றின் கூட்டு) 18% =  2,99,523
மொத்த வரி      சிஐஎஃப்பில் 27.735%   =  4,26,342
```

கிளியரிங், துறைமுகக் கட்டணங்களுக்கு 70,000, லாரிக்கும் ஹைட்ரா கிரேனுக்கும் 30,000 சேர்த்தால் ஷெட்டில் நிற்கும்போது இயந்திரத்தின் விலை சுமார் 20.6 லட்சம். எஃப்ஓபி விலை 14.4 லட்சம். உள்நாட்டு இயந்திரத்தோடு ஒப்பிட வேண்டிய எண் 20.6, 14.4 அல்ல.

கப்பல் கூலிக்கான ரசீதைக் காட்ட முடியாவிட்டால் சுங்கம் எஃப்ஓபியில் 20 சதவீதத்தைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். 900க்குப் பதில் 3,200 டாலர். வரி மட்டும் சுமார் 57,400 ரூபாய் கூடும். சரக்கைக் கப்பலில் அனுப்பித் தரும் ஃபார்வர்டரிடம் கூலிச் சான்றிதழை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

அந்த 2,99,523 ரூபாய் ஐஜிஎஸ்டியை “அப்புறம் வரவு எடுத்துக்கலாம்” என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தத் தொழிலில் அது அவ்வளவு நேராக நடக்காது. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு கிராஃப்ட் தாளுக்கு 18 சதவீதம், காகிதப் பைக்கு 5 சதவீதம். வாங்கும் தாளின் வரியே விற்கும் பையின் வரியைவிட அதிகம் என்பதால் மாதாமாதம் கட்ட வேண்டிய வரி மிஞ்சாது. தலைகீழ் வரிக்குத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அந்தக் கணக்கில் மூலப்பொருள் வரிதான் சேரும், இயந்திரத்துக்குக் கட்டிய வரி சேராது. ஆக அந்த மூன்று லட்சம் லெட்ஜரில் எண்ணாக உட்கார்ந்திருக்கும். வரவு எடுக்காமல் இயந்திர விலையிலேயே சேர்த்துத் தேய்மானம் எடுப்பதா என்பதை முதல் ரிட்டர்னுக்கு முன் ஆடிட்டரோடு முடிவு செய்யுங்கள். எப்படியானாலும் நடைமுறை மூலதனத்தில் அதை எண்ணாதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஷெட் வரை

பெட்டி சுமார் 10 கன மீட்டர், 2.6 டன். மற்றவர் சரக்கோடு பங்கு கன்டெய்னரில் அனுப்பினால் கப்பல் கூலி குறைவாகத் தெரியும். இங்கே இறங்கும் இடத்துக் கட்டணங்கள் அதை விழுங்கிவிடும். வழியில் இரண்டு மூன்று முறை ஃபோர்க்லிஃப்ட் தூக்கும், நீள இயந்திரத்தின் பிரேம் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். இரண்டு கொட்டேஷனையும் “இறங்கும் இடத்துக் கட்டணம் உட்பட” என்று கேட்டு ஒப்பிடுங்கள். 20 அடி கன்டெய்னரின் கதவு உயரம் 2.28 மீட்டர், பெட்டி 2.1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. விழிஞ்ஞம் பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது அடிப்படையில் கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றும் துறைமுகமாகக் கட்டப்பட்டது. நம் ஏடி கோடும் ஏஜென்டும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள்.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளே போட்டாக வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாள் தினம் 5,000, அதற்குப் பிறகு தினம் 10,000 ரூபாய். எனவே கப்பல் கொழும்பில் மாறும்போதே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், கூலிச் சான்று எல்லாம் ஏஜென்ட் கையில் இருக்கட்டும். முதல் மூன்றிலும் எடை, பெட்டி எண்ணிக்கை, மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று கப்பல் கிளம்பும் முன் வரைவிலேயே பாருங்கள். பிறகு திருத்தக் காசும் நாளும் ஆகும்.

கன்டெய்னர் டிரெய்லர் நம் ஊர் வளைவுக்குள் திரும்பாது. சரக்கு நிலையத்திலேயே பிரித்துத் திறந்த லாரியில் ஏற்றுங்கள், மேலே தார்ப்பாய். பில் ஆஃப் என்ட்ரி எண்ணை வைத்து இ-வே பில் போட்ட பிறகே வண்டி கிளம்ப வேண்டும். ஷெட் வாசல் அகலத்தையும், குறுக்கே தொங்கும் ஈபி லைனின் உயரத்தையும் முந்தைய வாரமே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஹைட்ராவின் பூம் மேலே எழும்போது அந்த லைன்தான் எமன்.

முதல் ஓட்டம்

சமமான 6 அங்குலக் கான்கிரீட் தரை போதும். நீர்மட்டம் வைத்து நீளவாட்டிலும் குறுக்கிலும் பார்த்து, கால் போல்ட்டால் சரிசெய்யுங்கள். இரண்டு எர்த் குழி. இன்வெர்ட்டர் இல்லாமல் நேரடியாக ஓடும் மோட்டார்கள் சரியான பக்கம் சுழல்கின்றனவா என்று பெல்ட் மாட்டும் முன் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.

குமரியில் இரண்டு பருவமழையும் உண்டு. காகிதத்துக்கு அது நல்ல செய்தி அல்ல. பிரித்து வைத்த ரோலின் இரு ஓரமும் ஈரம் குடித்து அலைஅலையாக நெளியும். நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். ஓடும்போது தாள் ஒரு பக்கமாக நகரும், மேல்மடிப்பு ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் விழும். பார்ப்பவர் இயந்திரம் கோணல் என்று நினைத்து உருளையைத் திருகத் தொடங்குவார். திருகும் முன் ரோலைத் திருப்பி மாட்டுங்கள். நகர்வும் பக்கம் மாறினால் பிழை தாளில்தான். ரோலைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பாதி ஓடிய ரோலை ஸ்ட்ரெச் பிலிமில் சுற்றிவிட்டே வீட்டுக்குப் போங்கள்.

பசை ஒட்டியதா என்று உடனே இழுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 20 பையைக் கட்டி மேலே ஒரு செங்கல் வைத்து அரை மணி நேரம் கழித்து அடி மடிப்பைப் பிரியுங்கள். தாளின் நார் பிய்ந்து வந்தால் ஒட்டு சரி. பசைக்கோடு பளபளவென்று அப்படியே உரிந்தால் பசை தாளுக்குள் இறங்கவில்லை: பசை கெட்டியாக இருக்கும், அல்லது வேகம் அதிகம். சுற்றிலும் தாள் நனைந்து சுருங்கியிருந்தால் தண்ணீர் கூடிவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை இயந்திரப் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஐப்பசி மழையில் சரியாக வந்த அளவு மாசியில் சரிவராது. இரண்டு வரிசை எண்கள் அங்கே தேவைப்படும்.